லட்சத்துக்கு எவ்வளவு வரும்?

வீட்டுக் கடன் பேச்சு வந்தால் என் மனசில் முதலில் வந்து நிற்கும் எண் 900. வட்டி 9 சதவீதம், தவணைக் காலம் 20 ஆண்டு என்றால் ஒரு லட்சம் கடனுக்கு மாதம் 900 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி அரை சதவீதம் ஏறினால் அதோடு 32 ரூபாயைக் கூட்ட வேண்டும், இறங்கினால் கழிக்க வேண்டும். 7 முதல் 11 சதவீதம் வரை இந்தக் கணக்கு சில ரூபாய்க்கு மேல் பிசகாது.

35 லட்சம் கடன், எட்டரை சதவீதம், 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 900-இல் 32 போனால் 868. அதை 35-ஆல் பெருக்கினால் 30,380. வங்கியின் கணினி 30,374 என்று காட்டும்.

இந்த 900-க்குள் என்ன இருக்கிறது? ஒரு லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9,000, மாதத்துக்கு 750 ரூபாய் வட்டி. முதல் தவணையில் 750 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் 150-தான் கழிகிறது. காலத்தை எவ்வளவு நீட்டினாலும் தவணை 750-க்குக் கீழே இறங்கவே முடியாது. அதனால்தான் 20 ஆண்டை 30 ஆக்கினால் பெரிதாக எதுவும் குறைவதில்லை. 900 என்பது 805 ஆகும், அவ்வளவுதான். அந்த 95 ரூபாய்க்காக லட்சத்துக்கு ஏறக்குறைய 74,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். வேறு வழியே இல்லாதவர்களைத் தவிர யாருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். 15 ஆண்டு என்றால் லட்சத்துக்கு 1,014. முடிந்தவர்கள் அதைப் பார்க்கலாம்.

வண்டிக் கடனுக்கு எண் வேறு. 10 சதவீதம், 5 ஆண்டு என்றால் லட்சத்துக்கு 2,125. ஒரு சதவீதம் ஏறினால் 50 ரூபாய் கூடும். உறவுக்காரர் ஒருவர் பழைய கார் வாங்க 6 லட்சம் கடன் கேட்டார். "பத்து பெர்சென்ட்தான் சார், மாசம் பதினைந்தாயிரம்" என்றார்களாம். 2,125-ஐ ஆறால் பெருக்கினால் 12,750-தானே வர வேண்டும்? மீதி 2,250 எங்கிருந்து வந்தது?

அது ஃபிளாட் ரேட். கட்டக் கட்ட அசல் குறைந்தாலும், 5 ஆண்டுக்கும் முழு 6 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். அவர்கள் சொன்ன தவணை லட்சத்துக்கு 2,500, நம் எண்ணைவிட 375 அதிகம். 50 ரூபாய்க்கு ஒரு சதவீதம் என்றால் ஏழரை சதவீதம் கூடுதல். அதாவது, பத்து என்று சொன்ன வட்டி உண்மையில் 17-ஐத் தாண்டுகிறது.

செயலாக்கக் கட்டணமும் காப்பீட்டுப் பிரீமியமும் இந்த மனக்கணக்கில் வராது. அதற்கு, கையெழுத்துப் போடும் முன் கேஎஃப்எஸ் எனும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வங்கியும் நிதி நிறுவனமும் அதைத் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் ஏபிஆர் என்று இருக்கும் சதவீதம்தான் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான வட்டி.