பாஸ்வேர்டை மாற்றினீர்களா? பேக்கப் தேதியைப் பாருங்கள்

கூகுள் கணக்கில் யாரோ நுழையப் பார்க்கிறார்கள் என்று எச்சரிக்கை வந்தால் பாஸ்வேர்டை உடனே மாற்றுகிறோம். அது சரியான காரியம்தான். ஆனால் அதே கணக்கை நம்பித்தான் ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டு மாறியதும் அது சத்தமில்லாமல் நின்றுபோகலாம்.

தஞ்சாவூரில் இருக்கும் ஒரு அம்மாவின் போன் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 8ஆம் தேதி சென்னையில் இருக்கும் மகன் தன் லேப்டாப்பில் அம்மாவின் கூகுள் பாஸ்வேர்டை மாற்றுகிறார். பாஸ்வேர்டு மாறினால், சில விதிவிலக்குகள் தவிர மற்றச் சாதனங்களில் அந்தக் கணக்கை கூகுள் வெளியேற்றிவிடும். அம்மாவின் போனில் மறுபடி உள்நுழையச் சொல்லி ஓர் அறிவிப்பு வருகிறது. ஏதோ விளம்பரம் என்று அவர் அதைத் தள்ளிவிடுகிறார். வாட்ஸ்அப்போ வழக்கம்போல வேலை செய்கிறது. பேரனின் படம் வருகிறது, வீடியோ கால் வருகிறது. வாட்ஸ்அப் நடப்பது போன் நம்பரை வைத்து. பேக்கப் மட்டும்தான் கூகுள் கணக்கை வைத்து. அதனால் எதுவும் கெட்டுப்போனதாகவே தெரியாது. அக்டோபரில் பஸ்ஸில் போன் தொலைகிறது. புதுப் போனில் மீட்டெடுத்தால் ஜூலை 7ஆம் தேதியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. மூன்று மாதக் குரல் செய்திகளும் படங்களும் தொலைந்த போனோடு போய்விட்டன.

பேக்கப் நிற்கவில்லை என்று ஏமாற வைக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. வாட்ஸ்அப் இரண்டு இடங்களில் நகல் எடுக்கிறது. ஒன்று போனுக்குள்ளேயே, தினமும் அதிகாலை 2 மணி வாக்கில். மற்றது கூகுள் கணக்கில், நாம் தேர்ந்தெடுத்த இடைவெளியில். போனுக்குள் எடுக்கும் நகலுக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை என்பதால் அது நிற்காமல் ஓடும். Settings, Chats, Chat backup என்று வரிசையாகப் போனால், கடைசி பேக்கப் எடுத்த நேரம் இரண்டு வரிகளில் இருக்கும். Local என்ற வரி இன்று அதிகாலை 2 மணி என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூடிவிடுவோம். பார்க்க வேண்டியது Google என்று தொடங்கும் அடுத்த வரியை. அந்த அம்மாவின் போனில் அங்கே ஜூலை 7 என்று மூன்று மாதமாக நின்றிருக்கும். போன் தொலைந்தால் கைகொடுப்பது அந்த வரி மட்டுமே.

அதே திரையில் எந்தக் கணக்கில் பேக்கப் ஆகிறது என்பதும் தெரியும். இதைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். போன் வாங்கிய கடையில் உருவாக்கித் தந்த ஜிமெயில் முகவரி, நாம் மறந்தே போன ஒன்று, அங்கே இருக்கக்கூடும். நாம் தினமும் மெயில் பார்க்கும் கணக்கு வேறாக இருந்தால், இந்தக் கணக்கு வெளியேறியதை மெயில் வராததை வைத்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

தேதி பழையதாக இருந்தால் போனின் செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய், அந்தக் கணக்கில் புதிய பாஸ்வேர்டு கொடுத்து மறுபடி உள்நுழையுங்கள். பிறகு வைஃபையில் இருந்தபடி Back up பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியதோடு விடாமல், Google வரியில் தேதி மாறும்வரை காத்திருந்து பாருங்கள். மாறவில்லை என்றால் கணக்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள்தான் இப்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் அடங்க வேண்டும். தேதி மாறுவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி நிறுவுவதோ, போனை ரீசெட் செய்வதோ கூடவே கூடாது. போனுக்குள் இருக்கும் நகல்தான் அப்போது கடைசிப் பிடி. ரீசெட் செய்தால் அதுவும் அழிந்துவிடும்.

பேக்கப்பைப் பூட்ட வாட்ஸ்அப்பிலேயே தனியாக ஒரு பாஸ்வேர்டு வைத்திருந்தால் அது வேறு. கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் அது மாறாது. பழையதையே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முன்கூட்டியே கவனிக்க, 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யும்போது அந்த Google வரியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

பெற்றோருக்குப் பாஸ்வேர்டு மாற்றித் தரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றிய அன்றே அவர்களைப் போனில் கூப்பிட்டு, புதிய பாஸ்வேர்டைச் சொல்லி உள்நுழைய வையுங்கள். இரண்டு நாள் கழித்து உங்கள் கம்ப்யூட்டரில் அதே கணக்கில் கூகுள் டிரைவைத் திறந்து, Storage பகுதியில் Backups என்பதை அழுத்துங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பின் தேதி அங்கேயே தெரியும். அதைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டியதில்லை.