முதல் சீட்டைப் போடும் முன்

"இன்னைக்கு ஏலம் கிடையாது."

பிரிட்ஜ் வகுப்பின் முதல் நாள் மாலை, எல்லோரும் மேசைகளில் உட்கார்ந்ததும் நான் சொல்வது இதைத்தான். கேட்டதும் சிலர் முகம் வாடும். பிரிட்ஜ் என்றாலே ஏலம்தான், அதற்கென்று தனிப் புத்தகங்கள் இருக்கின்றன, அதில்தான் கெட்டிக்காரத்தனம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வெளிநாடு போனபின் மாலைப்பொழுது நீண்டுவிட்டவர்கள், அலுவலகம் முடிந்து நேராக வந்து பையைக் காலடியில் வைக்கிறவர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நான் பேசுவதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டால், அடுத்த பல மாதங்களின் மனச்சோர்வை அன்றே பாதி குறைத்துவிடலாம்.

முதலில் பயத்தைத் தீர்க்க வேண்டும். சீட்டு என்றாலே காசு வைத்து ஆடுவது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்த வகுப்பில் காசு கிடையாது. ரம்மியைப் பற்றி 1967இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், திறமை ஆட்டத்துக்கு ஒப்பாகக் காட்டப்பட்டது பிரிட்ஜ்தான். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் ஆண்கள் இணைப் பிரிவில் தங்கம் வென்றவர்கள் நம் நாட்டின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். பர்தனுக்கு அப்போது வயது 60, சர்க்காருக்கு 56. வயதைச் சொன்னதும் மேசைகளில் ஒரு சலசலப்பு எழும்.

அடுத்து, உங்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்கிறேன். முந்நூற்று நாலு ஆடியவர்கள் கை தூக்குங்கள் என்றால் பாதிப்பேர் தூக்குவார்கள். அவர்களுக்குப் பிரிட்ஜில் பாதி வந்துவிட்டது. நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள், கேட்ட இனத்தைப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு இனம் போடலாம், துருப்பு எதையும் வெட்டும். எல்லாம் அதேதான். வேறுபாடு இரண்டு. 304இல் ஜாக்தான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. பிரிட்ஜில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், பத்து என்று இயல்பான வரிசை. அங்கே எடுத்த சீட்டுகளின் மதிப்பைக் கூட்டுவோம். இங்கே எத்தனை பிடி எடுத்தோம் என்பது மட்டுமே கணக்கு. 52 சீட்டும் பங்கிடப்பட்டு ஆளுக்கு 13 வருவதால் மொத்தம் 13 பிடி.

ஏலம் இல்லாமல் எப்படி ஆடுவது? மினி பிரிட்ஜ் என்று ஒரு முறை இருக்கிறது. கையில் உள்ள ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணி, நாலு பேரும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். ஒரு கட்டில் மொத்தம் 40 புள்ளி. எந்த ஜோடிக்கு அதிகமோ அந்த ஜோடி ஆடுகிறது. அந்த இருவரில் அதிகம் வைத்திருப்பவர் ஆட்டக்காரர். அவருடைய கூட்டாளி தன் 13 சீட்டுகளையும் மேசைமேல் எல்லோரும் பார்க்க விரித்து வைக்கிறார். அந்தக் கைக்கு டம்மி என்று பெயர். அதைப் பார்த்துவிட்டு, எத்தனை பிடி எடுப்பேன், துருப்பு உண்டா இல்லையா என்று ஆட்டக்காரர் அறிவிக்கிறார். இரு கைக்கும் சேர்த்து 25 புள்ளி இருந்தால் துருப்பில்லாமல் ஒன்பது பிடிக்கு முயலலாம் என்று நான் சொல்லித் தருகிறேன். முதல் மூன்று வாரம் இவ்வளவுதான். ஏலம் என்பது, நமக்கு எத்தனை பிடி கிடைக்கும் என்று கூட்டாளியிடம் பேசும் மொழி. பிடி எப்படி வருகிறது என்றே தெரியாதவருக்கு அந்த மொழியில் பேச எதுவும் இருக்காது. ஏலத்திலிருந்து தொடங்கிய வகுப்புகளில் மனப்பாடம் செய்தவர்கள் அழகாக ஏலம் கூறிவிட்டு, சீட்டு இறக்கும் நேரத்தில் திகைத்து நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேசியதெல்லாம் மனதில் நிற்க, ஒரு கையைப் பங்கிட்டே காட்டிவிடுகிறேன். எல்லா மேசைக்கும் அதே சீட்டுகள்தான். முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பேன்.

ஆட்டக்காரரின் கையில் ஸ்பேடில் ஏஸ், 6, 3. ஹார்ட்டில், அதாவது நம் வீடுகளில் ஆட்டின் என்பார்களே அதில், ஏஸ், ராஜா, 5, 2. டைமண்டில் ராஜா, 3. கிளாவரில் ஏஸ், ஜாக், 6, 4. மொத்தம் 19 புள்ளி. டம்மியில் ஸ்பேடில் ராஜா, 4. ஹார்ட்டில் 8, 6, 3. டைமண்டில் ராணி, ஜாக், 10, 9, 8. கிளாவரில் 9, 5, 3. அது 6 புள்ளி. ஆக 25. துருப்பில்லாமல் ஒன்பது பிடி எடுக்க வேண்டும். ஆட்டக்காரருக்கு இடப்பக்கம் இருப்பவர் ஸ்பேட் ராணியை இறக்குகிறார்.

இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லா மேசையிலும் ஒரே காரியம் நடக்கும். டம்மியின் ராஜா சட்டென்று ராணிமேல் விழும். ராணியை ராஜாவால் அடிக்கலாம், ஏஸைச் செலவழிப்பானேன் என்பது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆட்டம் அந்த முதல் சீட்டிலேயே தோற்றுப்போகிறது. அது அவர்களுக்குத் தெரிவது ஐந்து நிமிடம் கழித்துத்தான்.

எண்ணிப் பாருங்கள். உறுதியான பிடிகள்: ஸ்பேடில் இரண்டு, ஹார்ட்டில் இரண்டு, கிளாவரில் ஒன்று. ஐந்து. இன்னும் நாலு வேண்டும். அவை டம்மியின் டைமண்டுகளிலிருந்துதான் வர முடியும். ஆனால் டைமண்ட் ஏஸ் எதிரியிடம் இருக்கிறது. கையிலிருந்து ராஜாவைப் போட்டால் விவரமான எதிரி ஏஸை உடனே போடமாட்டார். அடுத்த டைமண்டில்தான் போடுவார். அப்போது ஆட்டக்காரரிடம் டைமண்டே மிச்சம் இருக்காது. டம்மியில் மூன்று நல்ல டைமண்டுகள் காத்துக் கிடக்கும். அங்கே போய்ச் சேர வேறு இனத்தில் ஒரு பிடி டம்மியில் எடுக்க வேண்டும். அதற்கு இருந்த ஒரே சீட்டு ஸ்பேட் ராஜா. அதை முதல் சுற்றிலேயே செலவழித்தாகிவிட்டது. கண்ணெதிரே விரித்துக் கிடக்கும் ஜெயிக்கும் சீட்டுகளைத் தொட முடியாமல் ஆறு பிடியோடு, அதிர்ஷ்டம் இருந்தால் ஏழோடு, ஆட்டம் முடிகிறது.

சரியான வழியில் புதிதாகக் கற்க எதுவுமில்லை. முதல் பிடியைக் கையில் உள்ள ஏஸால் எடுக்க வேண்டும். பிறகு டைமண்ட் ராஜா, அடுத்து டைமண்ட் 3. எதிரி ஏஸால் எடுத்து மறுபடி ஸ்பேட் போட்டால் டம்மியின் ராஜா எடுக்கும். மூன்று டைமண்டுகளும் வரிசையாகப் பிடியாகும். வேறு எதைப் போட்டாலும் கையில் எடுத்து, ஸ்பேடால் டம்மிக்குப் போய்விடலாம். ஸ்பேடில் இரண்டு, டைமண்டில் நாலு, ஹார்ட்டில் இரண்டு, கிளாவரில் ஒன்று. சரியாக ஒன்பது. எதிரி டைமண்ட் ஏஸை முதலிலேயே போட்டுவிட்டாலும் அதே ஒன்பதுதான்.

இதைக் காட்டிவிட்டுத்தான் வகுப்பின் ஒரே கட்டாய விதியைச் சொல்கிறேன். டம்மி விரிந்ததும் யாரும் எந்தச் சீட்டையும் தொடக் கூடாது. மனதுக்குள் முப்பது வரை எண்ணுங்கள். அந்த நேரத்தில் உறுதியான பிடி எத்தனை, குறைவது எத்தனை, குறைவது எந்த இனத்திலிருந்து வரும் என்ற மூன்றுக்கும் விடை தேடுங்கள். டம்மியில் ஒரே சீட்டுதான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றாலும் எண்ணுங்கள். தொடக்கநிலையில் ஆட்டக்காரர் தோற்ற கைகளைத் திருப்பிப் பார்த்தால், தவறு பெரும்பாலும் முதல் பிடியிலோ இரண்டாவதிலோதான் இருக்கும்.

அதற்குப் பிறகு பேச்சைப் பற்றி. நம் ஊரில் சீட்டு என்றால் பேச்சும் சேர்ந்ததுதான். பிரிட்ஜில் கூட்டாளிக்குத் தகவல் போவது ஏலத்தாலும் போடும் சீட்டாலும் மட்டுமே இருக்க வேண்டும். முகம் சுளிப்பது, பெருமூச்சு விடுவது, சீட்டை ஓங்கி அடிப்பது எல்லாம் விதிப்படியே தவறு. டம்மியாக இருப்பவர் எந்தச் சீட்டைப் போடலாம் என்று யோசனை சொல்லக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் "ஏன் அதைப் போட்டீங்க?" என்று கூட்டாளியைக் கேட்பது விதிமீறல் இல்லை. ஆனால் ஆட்கள் வகுப்பை விட்டு நின்றுபோவதற்கு நான் கண்ட முதல் காரணம் அதுதான். கடினமான கையால் யாரும் நின்றதில்லை. அதனால் தம்பதியாக வந்தவர்களை முதல் மாதம் வெவ்வேறு மேசையில் உட்கார வைக்கிறேன். "ஸார், நாங்க சேர்ந்து ஆடத்தானே வந்தோம்?" என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். "சேர்ந்துதான் ஆடப்போறீங்க, அடுத்த மாசம்" என்பேன்.

கேட்ட இனம் கையில் இருந்தும் வேறு இனத்தைப் போட்டுவிடுவது எல்லோருக்கும் நேரும். கண்ணாடி போட்டவர்களுக்கு ஹார்ட்டும் டைமண்டும் மங்கிய விளக்கில் ஒன்றாகத் தெரியும். போட்டியில் அதற்குப் பிடிகளை இழக்க நேரும். வகுப்பில் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டால் போதும். சிவப்பு, கறுப்பு மாறி மாறி வரும்படி கையை அடுக்கினால் இது பெரிதும் குறையும்.

எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். மினி பிரிட்ஜ் இன்று மாலையே ஆடிவிடலாம். தடுமாறாமல் ஏலம் கூறி ஆட ஆறு மாதம். கிளப்பில் அறிமுகமில்லாதவர் எதிரே பயமின்றி உட்கார ஒரு வருடம், வாரத்துக்கு ஒரு மாலை வந்தால். இடையில் மூன்றாவது மாதத்தில் ஒரு கட்டம் வரும். முன்பு தெரிந்ததும் மறந்துபோனதுபோல் இருக்கும். ஏலமும் எண்ணுவதும் ஒரே நேரத்தில் மனதில் முட்டிக்கொள்ளும் காலம் அது. அந்த வாரங்களில் கட்டாயம் வாருங்கள்.

கடைசியாக ஒரு சின்னப் பழக்கம். முந்நூற்று நாலில் எடுத்த பிடியை ஒரே குவியலாகச் சேர்ப்போம். இங்கே அப்படிச் சேர்ப்பதில்லை. போட்ட சீட்டை அவரவர் தமக்கு முன்னாலேயே கவிழ்த்து வைக்கிறோம். ஜெயித்தது நெடுக்காக, தோற்றது குறுக்காக. ஆட்டம் முடிந்தபின் நாலு பேரின் 13 சீட்டும் கலையாமல் இருக்கும். அதே கையை இன்னொரு மேசைக்கு அப்படியே அனுப்பி, அங்கே எத்தனை பிடி வந்தது என்று ஒப்பிடலாம். நல்ல சீட்டு வந்ததா கெட்ட சீட்டு வந்ததா என்பது அப்போது பொருட்டில்லாமல் போகிறது. அதே சீட்டை மற்றவர்களைவிட நன்றாக ஆடினீர்களா என்பது மட்டுமே மிஞ்சுகிறது.

பேச்சு முடிந்து ஒரு மணி நேரம் போல ஆடுவார்கள். எட்டரைக்கு விளக்கை அணைக்கப் போனால், ஏதாவது ஒரு மேசையில் நாலு பேர் எழாமல் இருப்பார்கள். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்த சீட்டுகளை எடுத்து மறுபடி கையில் விரித்திருப்பார்கள். "ஸார், ஒரு நிமிஷம். அந்த ராஜாவை வச்சுட்டு ஏஸைப் போட்டுப் பார்த்துடறோம்."