அரைப் பரிசோதனை வடிவமைப்பு

அரைப் பரிசோதனை வடிவமைப்பு என்பது, ஆய்வுக்கு உட்படுவோரைச் சமவாய்ப்பு முறையில் குழுக்களாகப் பிரிக்க இயலாதபோது, ஒரு செயல்முறையின் விளைவை மதிப்பிடப் பயன்படும் ஆய்வு வடிவமைப்பு ஆகும். புதிய கற்பித்தல் முறைகளை ஆராய்வதில் இது பெரிதும் பயன்படுகிறது. பள்ளியில் மாணவர்கள் ஏற்கனவே வகுப்புகளாகவும் பிரிவுகளாகவும் அமைந்திருப்பர். ஆய்வாளர் ஒருவர் சீட்டுக் குலுக்கி அவர்களைக் கலைத்துப் புதிய குழுக்களை அமைக்கப் பள்ளிகள் பொதுவாக இசைவதில்லை. எனவே ஒரு பிரிவுக்குப் புதிய முறையிலும் மற்றொரு பிரிவுக்கு வழக்கமான முறையிலும் கற்பித்து ஒப்பிட நேர்கிறது.

அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பெல், ஜூலியன் ஸ்டான்லி ஆகிய இருவரும் 1963இல் கற்பித்தல் ஆய்வுக் கையேடு ஒன்றில் எழுதிய அத்தியாயத்தின் வழியாக இச்சொல் பரவலானது. அந்த அத்தியாயம் 1966இல் தனி நூலாகவும் வெளிவந்தது.

## அடிப்படை அமைப்பு

இவ்வகையில் மிகுதியாகக் கையாளப்படுவது *சமமற்ற கட்டுப்பாட்டுக் குழு வடிவமைப்பு* ஆகும். கேம்பெல், ஸ்டான்லி ஆகியோரின் குறியீட்டில் இது பின்வருமாறு எழுதப்படும்:

```
O1   X   O2
- - - - - -
O1       O2
```

இதில் O என்பது தேர்வு அல்லது அளவீடு. X என்பது புதிய கற்பித்தல் முறை. மேல்வரி சோதனைக் குழுவையும் கீழ்வரி கட்டுப்பாட்டுக் குழுவையும் குறிக்கும். இடையில் உள்ள விட்டுவிட்டு அமைந்த கோடு, இரு குழுக்களும் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

சமவாய்ப்பு முறையில் பிரித்தால், தொடக்கத்தில் குழுக்களிடையே இருக்கும் வேறுபாடு தற்செயலானது மட்டுமே. அதன் அளவை நிகழ்தகவுக் கொள்கையால் கணிக்கலாம். அரைப் பரிசோதனையில் அவ்வாறு கணிக்க இயலாது. புதிய முறை இல்லாதிருந்தால் சோதனைக் குழு என்ன மதிப்பெண் பெற்றிருக்கும் என்ற கேள்விக்கு ஆய்வாளர் வேறு சான்றுகளைக் கொண்டு விடை காண வேண்டும்.

## ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் 30 மாணவர்கள் கொண்ட இரு பிரிவுகள் இருப்பதாகக் கொள்வோம். பின்னங்களைக் கற்பிக்க அ பிரிவில் புதிய முறையும், ஆ பிரிவில் வழக்கமான முறையும் கையாளப்படுகின்றன. கீழே உள்ளவை விளக்கத்திற்காக அமைத்த எண்கள்.

| பிரிவு | முன்தேர்வு (செப்டம்பர்) | பின்தேர்வு (டிசம்பர்) | உயர்வு |
|---|---|---|---|
| அ (புதிய முறை) | 40 | 58 | 18 |
| ஆ (வழக்கமான முறை) | 46 | 57 | 11 |

இத்தரவிலிருந்து மூன்று வெவ்வேறு விடைகளைப் பெற முடியும்.

* பின்தேர்வை மட்டும் ஒப்பிட்டால் புதிய முறையின் பயன் 58 − 57 = 1 மதிப்பெண்.
* உயர்வுகளை ஒப்பிட்டால் பயன் 18 − 11 = 7 மதிப்பெண்.
* முன்தேர்வு மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பின்தேர்வைத் திருத்தும் உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வைச் செய்யலாம். ஒரே பிரிவுக்குள் முன்தேர்வில் 10 மதிப்பெண் வேறுபடும் மாணவர்கள் பின்தேர்வில் சராசரியாக 6 மதிப்பெண் வேறுபடுவதாகக் கொண்டால், சரிவு 0.6 ஆகும். அப்போது பயன் 1 − 0.6 × (40 − 46) = 4.6 மதிப்பெண்.

மூன்று கணக்கீடுகளிலும் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு மறைமுகக் கருதுகோளைக் கொண்டுள்ளது. முதலாவது, தொடக்கத்தில் இருந்த 6 மதிப்பெண் இடைவெளி தானாகவே முற்றிலும் மறைந்திருக்கும் என்கிறது. இரண்டாவது, அந்த இடைவெளி 6 ஆகவே நீடித்திருக்கும் என்கிறது. மூன்றாவது, அது 3.6 ஆகச் சுருங்கியிருக்கும் என்கிறது. பின்னைய இரு முறைகளும் ஒரே தரவில் முரண்பட்ட முடிவுகளைத் தரக்கூடும் என்பதைப் பிரெடெரிக் லார்ட் 1967இல் சுட்டிக்காட்டினார். இது *லார்டின் முரண்புதிர்* எனப்படுகிறது.

எது பொருத்தமானது என்பதைப் புள்ளியியல் மென்பொருளால் தீர்மானிக்க இயலாது. இரு பிரிவுகளும் தொடக்கத்தில் வேறுபட்டதற்கான காரணமே அதைத் தீர்மானிக்கும். ஆ பிரிவு மாணவர்கள் வீட்டிலும் தனிப்பயிற்சியிலும் கூடுதல் உதவி பெறுவதால் முன்னணியில் இருந்தனர் எனில், அந்த இடைவெளி சுருங்காமல் நீடிக்கலாம், விரியவும் செய்யலாம். அவ்வாறு 8 ஆக விரிந்திருக்கும் எனில், புதிய முறையின் பயன் 9 மதிப்பெண் ஆகும்.

## சராசரியை நோக்கிய மீள்வு

குழுக்கள் சமமாக இல்லாதபோது, இரு பக்கங்களிலிருந்தும் ஒரே முன்தேர்வு மதிப்பெண் பெற்ற மாணவர்களை இணைகளாகத் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். இது *இணையாக்கல்* எனப்படும். இதில் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத பிழை ஒன்று உள்ளது.

எந்தத் தேர்வு மதிப்பெண்ணிலும் மாணவரின் உண்மையான திறனோடு அன்றைய தற்செயல் கூறும் கலந்திருக்கும். படித்த பகுதியிலிருந்தே வினா வந்திருக்கலாம். காய்ச்சலோடு தேர்வு எழுதியிருக்கலாம். ஆகவே தம் குழுவின் சராசரியைவிடக் குறைவாகப் பெற்றவர்கள், மறுமுறை எழுதும்போது சராசரியை நோக்கிச் சிறிது உயர்வர். கூடுதலாகப் பெற்றவர்கள் சிறிது இறங்குவர்.

முதல் பள்ளியின் சராசரி 50, இரண்டாம் பள்ளியின் சராசரி 40, தேர்வின் நம்பகத்தன்மை 0.8 என்று கொள்வோம். இரு பள்ளிகளிலும் 45 மதிப்பெண் பெற்றவர்கள் இணையாக்கப்படுகின்றனர். எவருக்கும் எதுவும் கற்பிக்காமல் மீண்டும் தேர்வு வைத்தால்,

```
முதல் பள்ளி:     50 − 0.8 × 5 = 46
இரண்டாம் பள்ளி:  40 + 0.8 × 5 = 44
```

என்ற சராசரிகள் கிடைக்கும். சரிசமமாகத் தோன்றிய இணைகளிடையே 2 மதிப்பெண் வேறுபாடு தோன்றிவிடுகிறது. புதிய முறை இரண்டாம் பள்ளியில் கையாளப்பட்டிருந்தால், அது தீங்கு செய்ததாகத் தவறான முடிவு கிடைக்கும்.

### ஹெட் ஸ்டார்ட் விவாதம்

இப்பிழை பற்றிய புகழ்பெற்ற விவாதம் அமெரிக்காவில் நடந்தது. ஏழைக் குழந்தைகளுக்கான முன்பள்ளித் திட்டமாகிய ஹெட் ஸ்டார்ட் 1965இல் தொடங்கப்பட்டது. வெஸ்டிங்ஹவுஸ் கற்றல் நிறுவனமும் ஒகையோ பல்கலைக்கழகமும் 1969இல் வெளியிட்ட மதிப்பீடு, அத்திட்டத்தில் பயின்று பின்னர் முதல் மூன்று வகுப்புகளில் படித்துவந்த குழந்தைகளை, அதே பகுதிகளில் வாழ்ந்து அத்திட்டத்தில் சேராத குழந்தைகளோடு இணையாக்கி ஒப்பிட்டது. கோடைகால வகுப்புகளால் பயனில்லை என்றும், முழு ஆண்டு வகுப்புகளால் சிறு பயனே உண்டு என்றும் அது முடிவு கூறியது.

கேம்பெலும் ஆல்பர்ட் எர்லபாக்கரும் 1970இல் இம்முடிவை எதிர்த்து எழுதினர். சேராத குழந்தைகள் சற்று வசதியான மக்கள் தொகுதியிலிருந்து வந்தவர்கள் என்றும், அத்தகைய இரு தொகுதிகளை இணையாக்கும்போது மீள்வுப் பிழை திட்டத்திற்கு எதிராகவே செயல்படும் என்றும் அவர்கள் வாதிட்டனர். மதிப்பீட்டைச் செய்தவர்கள் இதை மறுத்தனர். நலிந்த குழந்தைகளுக்கான திட்டம் ஒன்றின் மதிப்பே இந்த வாதத்தில் அடங்கியிருந்தது.

பிற்காலத்தில், இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்திருந்த மையங்களில் சமவாய்ப்பு முறையில் இடம் அளித்து, 2002இல் ஏறத்தாழ 5,000 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு தொடங்கப்பட்டது. அதன்படி, குழந்தைகள் திட்டத்தில் இருந்த காலத்தில் பயன்கள் காணப்பட்டன; முதல் வகுப்பு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன.

## வடிவமைப்பை வலுப்படுத்தும் வழிகள்

### இரண்டு முன்தேர்வுகள்

புதிய முறை தொடங்கும் முன் ஒரு தேர்வுக்குப் பதிலாக இரண்டு தேர்வுகளை நடத்தலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஜூன் மாதத் தேர்வில் அ பிரிவு 35, ஆ பிரிவு 41 பெற்றிருந்ததாகக் கொள்வோம். செப்டம்பருக்குள் இரண்டும் 5 மதிப்பெண் உயர்ந்துள்ளன. இடைவெளி 6 ஆகவே இருந்துள்ளது. எனவே இடைவெளி நீடிக்கும் என்ற கருதுகோளும், 7 மதிப்பெண் என்ற விடையும் வலுப்பெறுகின்றன. மாறாக, ஜூனில் இடைவெளி 4 ஆக இருந்திருந்தால், அது விரிந்துவருகிறது என்று அறியலாம். மூன்று தேர்வுகளும் ஒரே அளவுகோலில் அமைந்திருந்தால் மட்டுமே இந்த ஒப்பீடு பொருந்தும்.

### முறையை மாற்றி அளித்தல்

அடுத்த பருவத்தில் ஆ பிரிவுக்கும் புதிய முறையில் வேறொரு பாடப்பகுதியைக் கற்பித்து, அ பிரிவை வழக்கமான முறைக்குத் திருப்பலாம். இப்போது ஆ பிரிவு கூடுதலாக உயர்ந்தால், முதல் உயர்வை மீள்வாலோ பிரிவுகளின் இயல்பாலோ விளக்குவது கடினமாகும். இரு பிரிவு மாணவர்களும் புதிய முறையைப் பெறுவதால், பெற்றோரும் பள்ளியும் இதற்கு எளிதில் இசைவு தருவர்.

### கூடுதல் வகுப்புகள்

இரு பிரிவுகளை மட்டும் ஒப்பிடும்போது, முறையின் விளைவையும் ஆசிரியரின் விளைவையும் பிரித்தறிய இயலாது. அ பிரிவு ஆசிரியர் எந்த முறையிலும் நன்கு கற்பிப்பவராக இருக்கலாம்.

மேலும், ஒரே வகுப்பு மாணவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வகுப்புகளுக்கு இடைப்பட்டது எனில், 30 பேர் கொண்ட வகுப்புகளில் 1 + 29 × 0.2 = 6.8 என்ற பெருக்கம் ஏற்படும். அதாவது, 60 மாணவர்கள் தரும் தகவல், தனித்தனியே தெரிவு செய்யப்பட்ட ஏறத்தாழ 9 மாணவர்கள் தரும் தகவலுக்கே ஈடாகும். இதைக் கருதாமல் 60 பேரையும் தனித்தனி அலகுகளாகக் கொண்டு t-சோதனை செய்வது, இல்லாத உறுதியை முடிவுக்கு அளித்துவிடும். ஒவ்வொரு முறைக்கும் பல வகுப்புகளையும் பல ஆசிரியர்களையும் சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

## முடிவுகளை மதிப்பிடுதல்

அரைப் பரிசோதனை ஒன்றின் அறிக்கையைப் படிப்பவர் முதலில் காண வேண்டியது தொடக்க வேறுபாட்டின் அளவு. அமெரிக்கக் கல்வித் துறையின்கீழ் 2002இல் அமைக்கப்பட்ட வாட் வொர்க்ஸ் கிளியரிங்கவுஸ் இதற்கு ஓர் எல்லையை வகுத்தது. தொடக்க வேறுபாடு திட்ட விலக்கத்தில் 0.05 பங்குக்குள் இருந்தால் திருத்தம் தேவையில்லை, 0.05 முதல் 0.25 வரை எனில் புள்ளியியல் திருத்தம் தேவை, 0.25 பங்கை மீறினால் குழுக்கள் ஒப்பிடத்தக்கவை அல்ல. மேற்கண்ட எடுத்துக்காட்டில் திட்ட விலக்கம் 20 எனில், 6 ÷ 20 = 0.30. ஆகவே அந்த ஆய்வு இவ்வரையறையை நிறைவு செய்யாது.

அடுத்து, குழுக்கள் எவ்வாறு உருவாயின என்பதைக் காண வேண்டும். முன்தேர்வில் பின்தங்கியதற்காகவே ஒரு பிரிவுக்குப் புதிய முறை அளிக்கப்பட்டிருந்தால், அதன் உயர்வில் ஒரு பகுதி மீள்வாக இருக்கக்கூடும். பின்தேர்வை எழுதாத மாணவர்கள் எந்தப் பிரிவினர், முன்தேர்வில் எவ்வளவு பெற்றவர்கள் என்பதும் தெரிய வேண்டும். நலிந்தவர்கள் விடுபட்டாலே சராசரி உயர்ந்துவிடும்.

இவற்றைத் தெரிவிக்காமல் பின்தேர்வுச் சராசரிகளை மட்டும் தரும் அறிக்கையிலிருந்து, மேலே கண்ட 1, 4.6, 7, 9 ஆகியவற்றுள் எது உண்மைக்கு நெருங்கியது என்று கூற இயலாது.