பழைய மனையை விற்றால் எது லாபம், எவ்வளவு வரி?

சகோதரிகளே, போன மாதக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கண் கலங்கிப்போய் வந்தார். 1992-ல் 18,000 ரூபாய்க்கு வாங்கின 1,100 சதுர அடி மனையை, மகள் கல்யாணத்துக்காக 2025 நவம்பரில் 7,50,000 ரூபாய்க்கு விற்றிருந்தார். "18,000 போக மீதியெல்லாம் லாபம், 91,500 ரூபாய் வரி கட்டணும்" என்று தரகர் சொல்லிவிட்டாராம். நாங்கள் பத்திரத்தை வாங்கிப் பார்த்தோம். அந்தக் கணக்கு தப்பு.

1992-ல் 18,000 ரூபாய்க்கு இருந்த மதிப்பு இன்று கிடையாது இல்லையா? அதற்காகத்தான் அரசு வருஷா வருஷம் பணவீக்கக் குறியீட்டு எண் அறிவிக்கிறது. 2001-02க்கு அது 100, 2025-26க்கு 376. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்துக்கு, வாங்கின விலைக்குப் பதிலாக அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டதில் அன்று சதுர அடி 100 ரூபாய் என்று தெரிந்தது. ஆக அடக்கம் 1,10,000. இதை 376ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 4,13,600. விற்ற விலையில் இதைக் கழித்தால் லாபம் 3,36,400. இதற்கு 20 சதவீதம் வரி 67,280 ரூபாய்.

2024 ஜூலை 23 முதல் சட்டம் மாறி, குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் என்றாகிவிட்டது. அப்படிப் போட்டால் 7,50,000-ல் 1,10,000 போக 6,40,000, வரி 80,000. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நிலமோ வீடோ வாங்கிய, இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டில் குறைந்த வரியே போதும். அதனால் 67,280தான். இதன்மேல் 4 சதவீத செஸ் தனி. வேறு வருமானம் இல்லாத பெண்ணென்றால், வரிவிலக்கு வரம்பில் மிச்சமிருப்பதை லாபத்தில் கழிக்க வழியுண்டு. வரி இன்னும் குறையும்.

எப்போதும் பழைய முறைதான் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். இதே மனை 12 லட்சத்துக்குப் போயிருந்தால் பழைய முறையில் 1,57,280, புதிய முறையில் 1,36,250. விலை நிறைய ஏறிய இடத்தில் புதியது குறைவு. அதனால் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

2001க்குப் பிறகு கட்டின சுவர், போர், அறை இதற்கெல்லாம் ஆன செலவும் அடக்கத்தில் சேரும், செலவு செய்த வருஷத்துக் குறியீட்டின்படி. அதற்கு முன் செய்த செலவு சேராது. கொத்தனாருக்குக் கொடுத்ததற்கு ரசீது வாங்கும் வழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது? இங்கேதான் பலர் இழக்கிறார்கள்.

நகரத்துக்கு அப்பால் உள்ள கிராமத்து விவசாய நிலத்துக்கு இந்த வரியே கிடையாது. தூரத்தைச் சட்டம் வரையறுக்கிறது. கணவர் 2001க்கு முன் வாங்கி உங்களுக்கு வாரிசாக வந்த மனைக்கும் 2001 மதிப்பை எடுக்கலாம். மூலப் பத்திரத்தையும், அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு எழுத்துச் சான்றையும் விற்பதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போங்கள்.