விலை கேட்டவர் வாங்கும் வரை

வாட்ஸ்அப்பில் “விலை என்ன?” என்று கேட்பவருக்கு “850” என்று மட்டும் பதில் போட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். விலையோடு ஒரு கேள்வியும் போக வேண்டும்.

சுங்குடிச் சேலை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் Quick replies பகுதியில் இப்படிச் சேமியுங்கள்: “வணக்கம்ங்க. சேலை ரூ.850, கூரியர் ரூ.60. பச்சையா, அரக்கா, எது எடுத்து வைக்கட்டும்?” அடுத்த முறை `/vilai` என்று தட்டித் தேர்ந்தெடுத்தால் முழுப் பதிலும் வந்துவிடும். அனுப்புமுன் இருப்பைப் பாருங்கள். தீர்ந்த நிறத்தைச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் திரும்ப மாட்டார்.

நிறம் சொன்னதும் `/mugavari`. அது பெயர், முகவரி, பின்கோடு கேட்கும். பிறகு `/panam`: “மொத்தம் ரூ.910. மாலை 6 மணி வரை எடுத்து வைக்கிறேன்” என்ற வரியோடு க்யூஆர் படம்.

பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். வங்கிக் கணக்கில் 910 ரூபாய் ஏறியதைப் பார்த்த பிறகே “ஆர்டர் உறுதி” என்று அனுப்புங்கள்.