சராசரி மறைப்பதும் பரவல் காட்டுவதும்: இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பற்றி

நம் அங்கத்தினர்கள் மருத்துவமனையிலிருந்து கொண்டுவரும் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் என்ற ஒரு வரியை மட்டுமே பெரும்பாலோர் பார்க்கின்றனர். அதன் கீழே எம்.சி.வி., ஆர்.டி.டபிள்யூ. என இரண்டு வரிகள் உள்ளன. முதலாவது சிவப்பணுக்களின் சராசரிப் பருமன். இரண்டாவது அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதன் அளவு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதை இங்கு விளக்குவோம்.

இவ்வளவுகளை இயந்திரம் பெறும் முறை எளியது. அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர் 1953-ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்ற முறை இது. உறையாமல் காக்கும் மருந்திட்ட குழாயில் எடுத்த இரத்தத்தை உப்பு நீரில் பல ஆயிரம் மடங்கு கரைத்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ அகலமுள்ள நுண்துளை வழியே இழுக்கின்றனர். துளையின் இருபுறமும் மின்சாரம் ஓடுகிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், சிவப்பணு கடத்தாது. ஆகவே ஒவ்வோர் அணு நுழையும்போதும் மின்தடை ஒரு கணம் உயர்ந்து தாழும். எத்தனை முறை உயர்ந்ததோ அத்தனை அணுக்கள். எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு அணுவின் பருமன். சில வினாடிகளில் பல்லாயிரம் அணுக்கள் இவ்வாறு அளக்கப்படுகின்றன. ஒளியைக் கொண்டு அளக்கும் இயந்திரங்களும் உண்டு. ஹீமோகுளோபினை அறிய, இரத்தத்தின் வேறொரு பகுதியில் அணுக்களை உடைத்து, அதன் நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளப்பர்.

பருமனைக் குறிக்கும் அலகு பெம்டோலிட்டர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பக்கமுள்ள கனசதுரத்தின் கொள்ளளவே அது. பெரியவர்களுக்கு எம்.சி.வி. சாதாரணமாக 80 முதல் 100 வரை இருக்கும். ஆர்.டி.டபிள்யூ. ஏறத்தாழ 11.5 முதல் 14.5 சதவீதம்.

சராசரி எவ்வாறு ஏமாற்றும் என்பதை நெசவாளர்க்குச் சொல்லத் தேவையில்லை. எடையில் பாதி 30-ஆம் நம்பர் நூலும் பாதி 50-ஆம் நம்பர் நூலும் கலந்த கட்டுக்குச் சராசரி 40 என்று சீட்டு ஒட்டலாம். ஆனால் அதில் 40-ஆம் நம்பர் நூல் ஓர் இழைகூட இராது. இரத்தத்திலும் இவ்வாறு நேர்வதுண்டு.

ஒரு பெண்மணியின் சீட்டில் ஹீமோகுளோபின் 8.8, எம்.சி.வி. 90, ஆர்.டி.டபிள்யூ. 23 என்று இருப்பதாகக் கொள்வோம். இரத்தம் வெகுவாகக் குறைந்துள்ளது. ஆயினும் சராசரிப் பருமனில் குறையில்லை. இரும்புச்சத்து குறைந்தால் அணுக்கள் சிறுக்கும். பி12 அல்லது போலிக் அமிலம் குறைந்தால் அணுவின் உட்கரு காலத்தில் பிரியாமல் அணுக்கள் பெருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால், பாதி அணுக்கள் 72 அளவிலும் பாதி 108 அளவிலும் நிற்கக்கூடும். சராசரி 90 ஆகிவிடும். அணுக்கள் சராசரியிலிருந்து விலகும் திட்ட விலக்கம் 21 எனில், அதை 90-ஆல் வகுத்து நூறால் பெருக்க 23 வரும். அதுவே ஆர்.டி.டபிள்யூ. சராசரி மறைத்ததை அது வெளிப்படுத்திவிட்டது.

இதைக் கவனியாமல் இரும்பு மாத்திரை மட்டும் தந்தால் பாதிக் குறையே தீரும். போலிக் அமிலம் மட்டும் தந்தாலோ ஆபத்து அதிகம். பி12 குறைந்தவருக்கும் அதனால் இரத்தம் ஓரளவு தேறும்; ஆனால் நரம்புகளின் சேதம் உள்ளே தொடர்ந்து நடக்கும். கைகால் மரத்துப்போவதும் நடை தள்ளாடுவதும் அதன் அறிகுறிகள். ஆகவே இத்தகைய சீட்டைக் கண்டால், இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்து, பெரிட்டின், பி12, போலிக் அமிலம் ஆகியவற்றையும் அளந்தறிவதே முறை.

ஆர்.டி.டபிள்யூ. உயர்வு எப்பொழுதும் கேடன்று என்பதையும் அறிய வேண்டும். இரும்பு மருந்து பலிக்கத் தொடங்கியதும், பழைய சிறிய அணுக்களுடன் புதிய சரியான அணுக்கள் கலப்பதால் அது சில வாரங்கள் உயரும். பிறர் இரத்தம் ஏற்றியபின்னும் அவ்வாறே.

இயந்திரமும் தவறுவதுண்டு. சிலருடைய இரத்தம் குளிரில் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும். ஒட்டிய கூட்டம் துளையில் ஒரே பெரிய அணுவாகக் கணக்கிடப்படும். அப்போது எண்ணிக்கை மிகக் குறைந்தும், எம்.சி.வி. மிக உயர்ந்தும், அணுவினுள் ஹீமோகுளோபின் செறிவு இருக்க இயலாத அளவுக்கு ஏறியும் காணும். குழாயை 37 டிகிரிக்குச் சூடேற்றி மீண்டும் அளந்தால் உண்மை தெரியும்.

ஆதலால் சீட்டை மருத்துவரிடம் காட்டும்போது, முன்பு எடுத்த சீட்டுக்களையும், உட்கொண்ட இரும்பு மாத்திரைகள், ஏற்றிய இரத்தம் ஆகியவற்றின் விவரத்தையும் உடன் கொண்டுசெல்லுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவையின்றி ஆர்.டி.டபிள்யூ. ஏன் உயர்ந்தது என்று அவராலும் பிரித்துக் கூற இயலாது.