கழுத்துக்கேற்ற தங்கம், நிறத்துக்கேற்ற கல்

நகைக்கடைகளில் தங்கம் வைத்திருக்கும் பக்கம் பெரும்பாலும் மஞ்சள் விளக்கு எரியும். வைரம் இருக்கும் பக்கம் வெள்ளை விளக்கு. மஞ்சள் ஒளியில் தங்கத்தின் நிறம் ஒரு படி கூடும், கெம்புக் கல் இன்னும் சிவக்கும். வெள்ளை ஒளியில் வைரம் பளிச்சிடும். வியாபாரத்துக்கு ஏற்ற ஏற்பாடுதான். ஆனால் அதே ஒளி, நகையைப் போட்டுப் பார்ப்பவரின் தோலிலும் விழுகிறது. மாநிறம் அங்கே பொன்னிறமாகத் தெரியும். கடைக் கண்ணாடியில் எடுப்பாக இருந்த அட்டிகை, காலை முகூர்த்த வெளிச்சத்தில் கழுத்தோடு கழுத்தாகக் கரைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழுத்துக்கு எது பொருந்தும் என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தோல் எவ்வளவு கறுப்பு அல்லது வெளுப்பு என்பது ஒன்று. அதற்கடியில் எந்தச் சாயல் ஓடுகிறது, மஞ்சளா, சிவப்பா, லேசான பச்சையா என்பது இன்னொன்று. கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று வீட்டில் சொல்லுவதெல்லாம் முதல் கேள்விக்கான பதில்தான். ஒரே மாநிறத்தில் இருக்கும் அக்கா தங்கை இருவருக்கு ஒரே தோடு வேறு வேறாகத் தெரிவது இரண்டாவதால்.

சாயலைக் கண்டுபிடிக்க மணிக்கட்டு நரம்பைப் பார்க்கச் சொல்வார்கள்: நீலமாகத் தெரிந்தால் ஒன்று, பச்சையாகத் தெரிந்தால் வேறு. கறுத்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாது, அங்கே இந்தச் சோதனை உதவாது. பவுடர் போடாமல், பகல் வெளிச்சம் விழும் ஜன்னலோரம் நின்று, வெள்ளை வெளேரென்ற துண்டைத் தோளில் போட்டுக் கழுத்தைப் பார்ப்பது நம்பகமான வழி. சுத்த வெள்ளைக்குப் பக்கத்தில் தோலின் மஞ்சளோ சிவப்போ தானாக வெளியே வரும். முகத்தையோ கையையோ வைத்து முடிவு செய்யக்கூடாது. வெயில் பட்ட முகமும் கையும் ஒரு நிறம், நகை உட்காரும் கழுத்து வேறு நிறம்.

தங்கத்தில் தேர்வுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? 22 காரட் நகையில் 91.6 சதவீதம் தங்கம். மிச்சம் 8.4 சதவீதத்தில்தான் செம்பும் வெள்ளியும் சேர்கின்றன. செம்பு கூடினால் நிறம் சிவப்புப் பக்கம் சாயும், வெள்ளி கூடினால் வெளிர் மஞ்சளாகும். அவ்வளவு சிறிய பங்கை எப்படி மாற்றினாலும் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். 18 காரட்டில் கலப்பு 25 சதவீதம். அதில் பெரும்பங்கு செம்பானால் ரோஸ் கோல்டு. செம்பும் வெள்ளியும் சரிபாதியானால் மிதமான மஞ்சள். ஆகவே கடைக்காரர் ரோஸ் கோல்டு காட்டினால் அது பெரும்பாலும் 18 காரட்டாகவே இருக்கும். ஹால்மார்க்கில் 750 என்று இருக்கிறதா, 916 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசலாம்.

22 காரட்டில் நிறத்தை மாற்ற முடியாவிட்டாலும் மெருகை மாற்றலாம். இங்கேதான் உண்மையான தேர்வு.

நல்ல கறுப்பு நிறத்தில் ஒரு மணப்பெண். முகூர்த்தத்துக்கு அரக்குப் புடவை. கழுத்துக்கு மூன்று அட்டிகை எடுத்து வைத்திருக்கிறார்கள்: பளபள மெருகு போட்ட 22 காரட் கெம்பு அட்டிகை, முழுக்கக் கருமை ஏற்றிய ஆன்டிக் வேலைப்பாடு, கார்னெட் பதித்த ரோஸ் கோல்டு. மூன்றாவது முதலில் கழியும். செம்பு ஏறிய தங்கம் தோலின் பழுப்புக்கு நெருக்கமான நிறம்; கார்னெட்டோ மண்டப விளக்கில் கறுப்பாகவே தெரியும் அளவுக்கு அடர்ந்த சிவப்பு. பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கழுத்தில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ஆன்டிக் அழகுதான், ஆனால் பள்ளங்களில் ஏற்றிய கருமை தோலின் கருமையோடு சேர்ந்தால் மயிலும் மாங்காயும் விளிம்பு இழந்துவிடும். அதையே எடுப்பதானால் மேடான பகுதிகளில் மெருகு விட்டுவைத்த உருப்படியாகப் பார்க்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் தங்கம் கறுத்த தோலில் நன்றாக எடுக்கும். இந்த மூன்றில் கெம்பு அட்டிகைதான் வெல்லும்.

அதற்குக் கல் கட்டிய விதமும் காரணம். கெம்பு நகைகளில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும், அடியில் பளபளக்கும் மென்தகடு இருக்கும். உள்ளே போன ஒளி தகட்டில் பட்டுத் திரும்பி வருவதால், கல் எந்தத் தோலின் மேல் உட்கார்ந்தாலும் ஒரே நிறம்தான். ஓபன் செட்டிங்கில் கல்லின் பின்பக்கம் திறந்திருக்கும். பட்டை சரியாகத் தீட்டாத தட்டைக் கல்லானால் அதன் வழியே பின்னால் இருக்கும் தோல் தெரியும். வெளிர் செவ்வந்திக்கல் கறுத்த கழுத்தில் அழுக்கு நிறமாவது இதனால்தான். வாங்குமுன் கல்லைச் செய்தித்தாளின் மேல் கவிழ்க்காமல் வைத்துப் பார்க்கலாம். எழுத்தைப் படிக்க முடிந்தால், கழுத்தும் அப்படித்தான் தெரியும். மூடிய கட்டுக்கும் ஒரு குறை உண்டு: தண்ணீரோ வியர்வையோ உள்ளே இறங்கினால் தகடு கறுத்து, கல் செத்துப்போகும்.

மாநிறம்தான் உண்மையில் கடினம். தங்கத்தின் மஞ்சளும் தோலின் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள். அதனால் வழவழப்பான சாதாரணச் சங்கிலி காணாமல் போகும். இங்கே ஆன்டிக் மெருகின் கருமை உதவிக்கு வருகிறது, கோடு போட்டதுபோல் வேலைப்பாட்டைப் பிரித்துக் காட்டும். தேன் நிறக் கற்கள், கோமேதகம், வெளிர் மஞ்சள் புஷ்பராகம் எல்லாம் தோலோடு கலந்துவிடும். பச்சையும் பவளமும் நன்றாக நிற்கும்.

பச்சை ஏன் என்பதற்குப் பிரான்சில் ஒரு பழைய கதை இருக்கிறது. பாரிஸின் கோபெலின் திரைச்சீலை நெசவகத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரோல், கறுப்பு நூலின் சாயம் மங்கல் என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதைத் தன் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளும். பச்சைக்கல் தோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னம் லேசாகச் சிவந்து தெரிவது அதனால். மஞ்சளோடிய மாநிறத்துக்கு அது லாபம். ஏற்கெனவே முகம் சிவந்தவர்களுக்கு, வெயிலில் வந்தவர் மாதிரி ஆகிவிடும். மூக்குத்தி அளவுக் கல்லில் இது தெரியாது. பெரிய பதக்கமோ ஜிமிக்கியோ வேண்டும்.

வெளுத்த நிறத்தவர்களுக்குக் கல்லில் சிக்கல் குறைவு. அடர்நீலம், மரகதம், கார்னெட் என்று மற்றவர்களுக்கு இருண்டுபோகும் கற்கள் எல்லாம் அங்கே நிறம் காட்டும். தங்கத்தில்தான் கவனம் வேண்டும். இளஞ்சிவப்புச் சாயல் உள்ள தோலில் ரோஸ் கோல்டு மறைந்துவிடும், வெள்ளைத் தங்கமோ பிளாட்டினமோ தெளிவாக நிற்கும். வெள்ளைத் தங்கத்தின் வெண்மை பெரும்பாலும் மேலே ஏற்றிய ரோடியம் பூச்சு. மோதிரத்தில் அது தேயும்போது உள்ளிருக்கும் மஞ்சள் எட்டிப் பார்க்கும். மறுபடி பூச வேண்டும்.

ராசிக்கல் பார்ப்பவர்களுக்கு ஜோசியர் கல்லைத்தான் சொல்கிறார், அதன் அடர்த்தியை அல்ல. நீலக்கல் போட வேண்டிய கறுத்த கைக்கு, மை போல இருண்டதை விட்டுவிட்டு நடுத்தர நீலத்தைக் கேட்டு வாங்கலாம். மஞ்சள் விளக்கில் நீலம் இன்னும் இருளும் என்பதால், அதை மட்டுமாவது கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கக் கேட்க வேண்டும். கடைச் சிப்பந்தி ஒருவர் கூடவே வருவார், அவ்வளவுதான்.